முப்பத்தி நாலாவது மெயிலுக்குப் பிறகு

மே மாதக் கடைசியில் கோவையிலிருந்து அக்கா மகள் போன் செய்தாள். ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டெஸ்டராக இருப்பவள். சென்னையில் வேறொரு நிறுவனத்தில் வேலை கிடைத்து, ஏப்ரல் 21 அன்று ராஜினாமா கொடுத்துவிட்டாள். அறுபது நாள் நோட்டீஸ் பீரியட். சேர்வதற்கு ஏறக்குறைய நான்கு வாரம்தான் இருந்தது.

“மாமா, ஆஃபர் லெட்டர்ல ஜூன் 16 சேரணும்னு இருக்கு. கன்சல்டன்சி பொண்ணு 23ன்னு மெயில் போட்டிருக்காங்க. நேத்து ஒருத்தர் ரிலீவிங் லெட்டர் இன்னும் வரலையேன்னு கேக்கறார். எதைத்தான் நம்பறது?”

மெயில்களை எனக்கு அனுப்பச் சொன்னேன். ஒரே தலைப்பின் கீழ் முப்பத்தி நாலு மெயில்கள். பொறுமையாகப் படித்தபோது ஒன்று புரிந்தது. அவள் குழம்பியதில் வியப்பே இல்லை. அந்த மெயில்களுக்குள்ளேயே விடை இல்லை.

அவளோடு பேசிக்கொண்டிருந்தவர்கள் மூன்று பேர். முதலாமவர் கன்சல்டன்சியின் ரெக்ரூட்டர். ஆளைக் கண்டுபிடித்துக் கொடுப்பதுதான் அவர் வேலை. சேரும் நாளை மாற்றும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. இரண்டாமவர் புதிய நிறுவனத்தின் எச்.ஆர். ஆஃபர் லெட்டரைத் திருத்தக்கூடியவர் அவர் ஒருவர்தான். மூன்றாமவர் பழைய வேலை, படிப்பு விவரங்களைச் சரிபார்க்கும் வெளி ஏஜென்சியைச் சேர்ந்தவர். அவர் கையில் இருப்பது ஆவணங்களின் பட்டியல் மட்டும். மூவரும் ஒரே மெயில் தொடரில் எழுதினாலும், ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்ததாகத் தெரியவில்லை. போதாததற்கு, எச்.ஆர். ஒரு பழைய மெயிலைத் திறந்து அதற்குப் பதில் போட்டிருந்தார். அதற்குப் பின்னால் வந்த நான்கு மெயில்கள் அவர் கண்ணில் படவே இல்லை. ஜூன் 23 என்று முடிவானதோ போனில். மெயிலில் அதற்கு இருந்த ஒரே தடயம், ரெக்ரூட்டர் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி.

முதலில் அவளே ஒரு மெயில் போட்டிருந்தாள். “குழப்பமாக இருக்கிறது, அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.” மறுநாள் வந்த பதில்: “ட்ரெயில் மெயிலைப் பார்க்கவும்.” கீழே அதே முப்பது மெயில்கள்.

அவள் கேட்டதில் பிழையில்லை. கேட்ட விதம்தான் கைகொடுக்கவில்லை. எல்லாவற்றையும் தொகுத்துக் கொடுங்கள் என்றால், ரெக்ரூட்டர் மொத்தத் தொடரையும் முதலிலிருந்து படிக்க வேண்டும். ஒரே நேரத்தில் பல பேரின் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பவர் அதற்கு உட்காரமாட்டார். ஆனால் தவறாக எழுதிய ஒரு வரியைக் காட்டி, இது சரியா என்று கேட்டால் உடனே திருத்திவிடுவார். ஆகவே தொகுப்பை நாமே எழுதி, திருத்தத்தை மட்டும் அவரிடம் கேட்பதே வழி.

இரவு ஒரு மணி நேரம் போனிலேயே உட்கார்ந்து அந்த மெயிலை எழுதினோம். அதற்கு முன் ஒரு தாளில் தேதி வரிசைப்படி யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொண்டாள். போனில் பேசியதைத் தனியாகக் குறித்தாள், ஏனென்றால் அதற்கு எழுத்தில் ஆதாரம் இல்லை. அவள் ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இது:

“வணக்கம். நான் வேலையில் சேர்வது பற்றி இதுவரை வந்த மெயில்களிலிருந்து புரிந்துகொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். தவறு இருந்தால் அந்த வரிக்குக் கீழேயே திருத்திவிடுங்கள்.

சேரும் நாள்: ஆஃபர் லெட்டரில் ஜூன் 16 என்று இருக்கிறது. மே 12 மெயிலில் ஜூன் 23. இங்கே என் கடைசி வேலை நாள் ஜூன் 20, வெள்ளி. ஆகவே 23, திங்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். திருத்திய ஆஃபர் லெட்டர் எப்போது கிடைக்கும்?

ரிலீவிங் லெட்டர்: கடைசி நாளுக்குப் பிறகுதான் கிடைக்கும். இப்போதைக்கு ராஜினாமாவை ஏற்றுக்கொண்ட மெயிலை இணைத்திருக்கிறேன். இது போதுமா?

படிவம் 16: சென்ற நிதியாண்டுக்கானது ஜூன் 15 வாக்கில்தான் நிறுவனத்திலிருந்து வரும். அதற்கு முந்தைய ஆண்டினுடையதை இணைத்திருக்கிறேன். புதியது வந்ததும் அனுப்புகிறேன்.

இவற்றைத் தவிர நான் செய்ய வேண்டியது வேறு இல்லை என்று நினைக்கிறேன். மே 30க்குள் பதில் கிடைத்தால் சென்னையில் வீடு பார்க்க வசதியாக இருக்கும்.”

மெயில் அவ்வளவுதான். சம்பளத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்க அவளுக்கு ஆசை இருந்தது, வேண்டாம் என்றேன். பேரம் பேசும் விஷயம் ஒன்று உள்ளே வந்துவிட்டால், மற்ற வரிகளுக்கான பதிலும் அதோடு சேர்ந்து காத்துக் கிடக்கும். மூவரில் யார் தாமதப்படுத்தினார்கள் என்றும் எழுதவில்லை. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலே பிழை எங்கே என்பது தெரிந்துவிடும்.

யாருக்கு அனுப்புவது என்பதில் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். பழகிய முகம் என்று ரெக்ரூட்டருக்கே அனுப்புவார்கள். முடிவெடுக்கும் எச்.ஆர். பெயர் ‘டு’வில் வர வேண்டும், ரெக்ரூட்டரும் ஏஜென்சிக்காரரும் ‘சிசி’யில் இருந்தால் போதும். கடைசியாக வந்த மெயிலைத் திறந்து ‘ரிப்ளை ஆல்’ கொடுக்க வேண்டும். புது மெயிலாகப் போடலாமே என்று அவள் கேட்டாள். தலைப்பை மாற்றினால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். பழைய ஒப்புதல்களும் இணைப்புகளும் ஒரு பக்கம், புதுப் பதில்கள் ஒரு பக்கம் என்று ஆகிவிடும். தொடர் நீளமாக இருப்பது தொல்லைதான், ஆனாலும் நாளைக்கு ஒரு வழக்காடல் வந்தால் ஆதாரம் அந்தத் தொடர்தான்.

அந்த ஏஜென்சிக்காரர் விஷயத்தில் இன்னொன்றும் செய்தோம். திடீரென்று ஒரு புது ஆள் ஒரு லிங்க் அனுப்பி ஆதார், பான் கார்டுகளை ஏற்றச் சொன்னால், அவர் இந்த வேலைக்கு உரியவர்தானா என்பதை எச்.ஆரிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஒரு கேள்வியையும் மெயிலின் கடைசியில் சேர்த்தாள். வேலை தருவதற்கு யாராவது பணம் கட்டச் சொன்னால் கேள்விக்கே இடமில்லை, அது மோசடி.

இரண்டு வேலை நாள் பதில் வராவிட்டால் போன் செய்யலாம். போனில் முழுக் கதையையும் திரும்பச் சொல்லாமல், “நேற்று முன்தினம் போட்ட மெயிலில் சேரும் நாள் பற்றிய வரியை மட்டும் பாருங்கள்” என்று கேட்பதே பலன் தரும். பேசி முடித்ததும், பேசியதை அதே தொடரில் இரண்டு வரியில் எழுதிவிட வேண்டும். இவள் சிக்கலின் வேரே, எழுதப்படாமல் போன அந்த ஒரு போன் பேச்சுதான்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. மெயிலில் “ஆமாம், 23தான்” என்று வந்துவிட்டால் ஆஃபர் லெட்டர் திருத்தப்பட்டதாக ஆகாது. கையெழுத்திட்ட கடிதத்தில் 16 இருக்கும்வரை, அந்த நாளில் வராதவர் என்று கணக்கில் ஏற வாய்ப்பு இருக்கிறது. அதனால்தான் திருத்திய கடிதத்தைத் தனியாகக் கேட்டாள்.

மெயில் போனது மே 27 இரவு. மறுநாள் மதியம் எச்.ஆரிடமிருந்து பதில், அவள் எழுதிய வரிகளுக்குக் கீழேயே. ஜூன் 23 சரி. ராஜினாமா ஏற்பு மெயில் இப்போதைக்குப் போதும், ரிலீவிங் லெட்டரைச் சேர்ந்த பிறகு கொடுக்கலாம். படிவம் 16 கட்டாயமில்லை, அதற்குப் பதில் கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு வேண்டும். ஏஜென்சி எங்களுடையதுதான். திருத்திய ஆஃபர் லெட்டர் ஜூன் 2 அன்று வந்தது.