முதல் ஸ்கேன் குறித்துத் தரும் பிரசவ தேதி

முதல் மூன்று மாத ஸ்கேன் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் இரண்டு பிரசவ தேதிகள் இருக்கும். ஒன்று கடைசி மாதவிலக்கை வைத்துக் கணக்கிட்டது, மற்றொன்று ஸ்கேன் அளவை வைத்துச் சொல்வது. இரண்டும் ஒத்துப்போகாதபோது எதை நம்புவது என்ற குழப்பம் வரும். அதற்கான விடை ரிப்போர்ட்டில் உள்ள ஒரு மில்லிமீட்டர் கணக்கில் இருக்கிறது.

சி.ஆர்.எல். என்னும் அளவு

கருவின் உச்சந்தலையிலிருந்து புட்டம் வரையுள்ள நீளமே சி.ஆர்.எல். கால்கள் இதில் சேராது. ஏழு வாரத்தில் ஏறத்தாழ 10 மி.மீ., எட்டு வாரத்தில் 16, பன்னிரண்டு வாரத்தில் 54 என்று இது கூடிக்கொண்டே போகும். தாய் குட்டையோ நெட்டையோ, இந்த வாரங்களில் எல்லாக் கருக்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில்தான் வளர்கின்றன. அதனால்தான் நீளத்தைப் பார்த்து வயதைச் சொல்ல முடிகிறது. 1973-இல் கிளாஸ்கோவைச் சேர்ந்த ஹ்யூ ராபின்சன் என்ற மருத்துவர் இந்த அளவீட்டை வெளியிட்டார். பல ஸ்கேன் கருவிகளில் அவருடைய சூத்திரம் இன்றும் இருக்கிறது.

அளப்பதில் பிழை நேரலாம். கரு சுருண்டு கிடந்தால் நீளம் குறைவாகத் தெரியும். பக்கத்திலிருக்கும் யோக் சாக் என்ற சிறு வளையத்தையும் சேர்த்து அளந்துவிட்டால் கூடிவிடும். கரு நேராகக் கிடக்கும் படங்களில் சிலமுறை அளந்து பார்ப்பது அதனால்தான். சி.ஆர்.எல். 84 மி.மீ. தாண்டிவிட்டால் இந்த அளவு வயதைச் சொல்ல உதவாது. தலையின் அளவு முதலியவற்றைப் பார்ப்பார்கள்.

இதயத்துடிப்பு

துடிப்பு ஆறாவது வாரத்தையொட்டித் தெரியத் தொடங்கும். அப்போது நிமிடத்துக்கு 110 அளவில் இருப்பது, ஒன்பதாவது வாரத்தில் 170-ஐ ஒட்டி ஏறி, பிறகு மெல்ல இறங்கும். ஆகவே 165 என்று அச்சாகியிருப்பதைப் பெரியவர்களின் நாடியோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம். கருவின் வயதைக் கணக்கிடுவதற்குத் துடிப்பு பயன்படாது.

துடிப்பு தெரியவில்லை என்று எழுதியிருந்தால் உடனே சி.ஆர்.எல். எவ்வளவு என்று பாருங்கள். உள்வழி ஸ்கேனில் கரு 7 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால், அந்த ஒரு ஸ்கேனை வைத்துக் கரு கலைந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது. நாள் கணக்கு முன்பின்னாக இருக்கலாம். ஒரு வாரமாவது பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுப்பதே முறை. அதற்குமுன் யாராவது மாத்திரையோ சுத்தம் செய்வதோ சொன்னால், மறு ஸ்கேன் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. இடையில் இரத்தப்போக்கு அதிகமானாலோ, ஒருபக்க வயிற்றுவலி கடுமையானாலோ, மயக்கம் வந்தாலோ காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எந்தத் தேதி நிற்கும்?

ஒரு பெண்ணின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கடைசி மாதவிலக்கின் முதல் நாள் 2025 ஜூன் 1. அதோடு 280 நாட்களைக் கூட்டினால் 2026 மார்ச் 8. ஆகஸ்ட் 5 அன்று ஸ்கேன் எடுக்கிறார். மாதவிலக்குக் கணக்கில் அன்றைக்கு 9 வாரம் 2 நாள். ஆனால் சி.ஆர்.எல். 16 மி.மீ., அதாவது 8 வாரம் 1 நாள். வித்தியாசம் எட்டு நாள்.

கரு வளரவில்லையோ என்று வீட்டில் பதறுவார்கள். 280 நாள் கணக்கு, 28 நாளுக்கு ஒருமுறை மாதவிலக்கு வருபவர்களுக்காகப் போட்டது. இவருக்கோ 36 நாள் சுழற்சி. கருமுட்டை எட்டு நாள் தாமதமாக வெளிவந்திருக்கும், கருவின் வயதும் அவ்வளவு குறைவு. துடிப்பும் நன்றாக இருந்தால் கவலைக்கு இடமில்லை.

மாதவிலக்குக் கணக்குப்படி ஒன்பது வாரம் முடியாதவர்களுக்கு வித்தியாசம் ஐந்து நாளைத் தாண்டினால், அதற்கு மேல் பதினான்கு வாரத்துக்குள் ஏழு நாளைத் தாண்டினால், ஸ்கேன் தேதியை எடுத்துக்கொள்வது வழக்கம். அதற்குள் அடங்கினால் மாதவிலக்குத் தேதியே நிற்கும். இவருக்கு எட்டு நாள் என்பதால் பிரசவ தேதி மார்ச் 16. சோதனைக் குழாய் முறையில் கருவுற்றவர்களுக்குக் கருவை வைத்த நாளே கணக்கு. ஸ்கேனைக் கொண்டு அதை மாற்றுவதில்லை.

பின்னால் வரும் ரிப்போர்ட்டுகள்

இப்படி முடிவான தேதியை மாற்றக் கூடாது. ஆனால் ஒவ்வொரு ஸ்கேனிலும் கருவி புதிதாக ஒரு தேதியை அச்சடித்துக்கொண்டேதான் இருக்கும். அதே பெண் 2026 ஜனவரி 19 அன்று ஸ்கேன் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய கணக்கில் அது 32 வாரம். குழந்தையின் அளவோ 30 வாரத்துக்கு உரியது. ரிப்போர்ட்டில் மார்ச் 30 என்று வருகிறது. பிரசவம் தள்ளிப்போகிறது என்று அதை எடுத்துக்கொண்டால், குழந்தை எதிர்பார்த்ததைவிடச் சிறியதாக இருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். மார்ச் 16-ஐ மாற்றாமல் வைத்திருந்தால்தான் மருத்துவர் எடையைக் கணக்கிட்டு, தொப்புள்கொடி இரத்த ஓட்டத்தை டாப்ளரில் பார்த்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி அளப்பார். முதல் ரிப்போர்ட்டைக் கர்ப்பகாலம் முழுவதும் கோப்பின் முதல் தாளாக வைத்து, ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கையோடு கொண்டுபோங்கள்.