கொழுக்கட்டைக்கு எத்தனை கட்டம்?

குறுக்கெழுத்துப் புதிர் போடுபவரிடம் கேட்டால் ஆறு என்பார்: கொ, ழு, க், க, ட், டை. தாளில் தெரியும் உருவங்களை விரல் வைத்து எண்ணினால் ஒன்பது வரும். ‘கொ’வில் மட்டும் ஒற்றைக்கொம்பு, க, கால் என மூன்று உருவங்கள் இருக்கின்றன, ‘டை’யில் இரண்டு. கணினியிடம் கேட்டால் 11 என்கிறது. மரபுக்கவிதை எழுதுகிறவரோ நான்கு என்று சொல்லக்கூடும்.

கட்டத்துக்குச் செல்லுபடியாவது முதல் கணக்குதான். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று பள்ளியில் மனப்பாடம் செய்த 247-இல் எது வந்தாலும் அதற்கு ஒரு கட்டம். கொம்பும் காலும் தனி எழுத்துகள் அல்ல, அவற்றுக்கு இடம் கிடையாது. புள்ளி வைத்த மெய் தனி எழுத்து, அதற்கு முழுக் கட்டம் உண்டு. மாத்திரைக் கணக்கில் ‘ம்’ அரைதான், ‘மா’ இரண்டு. ஆனால் கட்டம் ஓசையின் நீளத்தைப் பார்ப்பதில்லை. ‘அம்மா’வுக்கு மூன்று கட்டம், அவ்வளவுதான்.

கவிஞரின் நான்கும் தப்பில்லை. அபிராமி அந்தாதி கட்டளைக் கலித்துறையில் அமைந்தது. அந்த யாப்பில் நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. எண்ணும்போது ஒற்றுகளைத் தள்ளிவிட வேண்டும். அந்தக் கணக்கில் கொழுக்கட்டை கொ, ழு, க, டை என்று நான்காகிவிடும். யாப்புப் பயிற்சி உள்ளவர்கள் புதிருக்கு வரும்போது மெய்யை விட்டுவிட்டு எண்ணுவது இந்தப் பழக்கத்தால்தான்.

உருவத்தை நம்பக் கூடாது என்பதற்கு 1978-இன் எழுத்துச் சீர்திருத்தமே போதும். அதற்கு முன்னால் ‘யானை’யின் ‘னை’ தும்பிக்கை போல மேலே சுழித்த ஒரே உருவமாக அச்சாகும். இப்போது குறி தனி, ன தனி. எழுத்து இரண்டாகவே இருக்க, உருவம் மட்டும் கூடியிருக்கிறது. பழைய புத்தகத்தின் யானையும் புதிய புத்தகத்தின் யானையும் இரண்டு கட்டத்துக்குள் அடங்கும்.

எண்ணிக்கையைச் சரியாகப் போட்டால் அதுவே ஒரு துப்பாகிவிடும். ‘கடைகள் வரிசையாக உள்ள வீதி (5)’ என்று ஒரு குறிப்பு என்று வைத்துக்கொள்வோம். முதலில் நாக்கில் வருவது கடைவீதி: க, டை, வீ, தி, நான்குதான். அங்காடியும் நான்கு. கடைத்தெரு என்று எழுதிப் பார்த்தால் க, டை, த், தெ, ரு என ஐந்தும் நிரம்புகின்றன. நடுவில் வரும் ‘த்’ சந்தியால் வந்தது. பேசும்போது அழுத்திச் சொல்கிற அந்த மெய்யை எழுதும்போது விட்டுவிடுகிறவர்கள் ‘கடைதெரு’ என்று நான்கு கட்டத்தை நிரப்பி, ஐந்தாவது ஏன் காலியாக இருக்கிறது என்று குழம்புவார்கள். வாழைப்பழத்துக்கு ஆறு கட்டம், பட்டுப்புடவைக்கு ஏழு. இரண்டிலும் ஒரு ‘ப்’ இப்படி வந்து உட்காருகிறது.

இப்போது அந்த மூன்றாம் கட்டத்தின் வழியாக மேலிருந்து கீழாக ஒரு சொல் போகிறது: ‘சிப்பி தரும் மணி (3)’. முத்து. மு, த், து. அதன் நடுக்கட்டமும் ‘த்’. இரண்டும் பொருந்துவதால் கடைத்தெரு உறுதியாகிறது. ‘த’ இருந்தாலோ ‘தி’ இருந்தாலோ பொருந்தியிருக்காது. ஆங்கிலப் புதிரில் சந்திக்கும் கட்டத்தில் 26-இல் ஒன்று ஒத்துப்போனால் போதும். தமிழில் உயிர்க்குறி, புள்ளி வரை அத்தனையும் ஒத்துப்போக வேண்டும். புதிர் போடுகிறவருக்கு இது பெரிய தலைவலி.

விடை தேடுகிறவருக்கோ இதில் ஓர் ஆதாயம் இருக்கிறது. தமிழ்ச் சொல் எதுவும் புள்ளி எழுத்தில் தொடங்காது. க், ச், ட், த், ப், ற் என்ற ஆறு வல்லின மெய்களில் முடிவதும் இல்லை. ஆகவே அந்த ‘த்’ கட்டத்துக்கு இடம், வலம், மேல், கீழ் நான்கு பக்கமும் கட்டம் இருந்தாக வேண்டும். ஓரத்தில் அது உட்கார முடியாது. உயிரெழுத்து இதற்கு நேர்மாறு. அ, இ, உ போன்றவை சொல்லின் முதலில்தான் வரும், நடுவில் வந்தால் முன்னுள்ள மெய்யோடு சேர்ந்து உயிர்மெய்யாகிவிடும். இரண்டு சொற்கள் ஓர் உயிரெழுத்தில் சந்திக்கின்றன என்றால் இரண்டுமே அங்கிருந்துதான் தொடங்குகின்றன. ஒரு சொல்லின் நடுக்கட்டத்தில் ‘அ’ விழுந்தால், போட்ட விடைகளில் ஏதோ ஒன்று தவறு. அளபெடைக்கும், ‘ஸ்கூல்’ மாதிரிப் பிறமொழிச் சொற்களுக்கும் இந்த விதிகள் பொருந்தா.

இரண்டு புள்ளிகள் அடுத்தடுத்து வந்தால் பயப்பட வேண்டியதில்லை. வாழ்க்கைக்கு வா, ழ், க், கை என்று நான்கு கட்டம். முதல் புள்ளி ய், ர், ழ் என்ற மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும்.

ஒலி ஒன்றாகவும் கட்டம் வேறாகவும் இருக்கும் சொற்கள் உண்டு. ஐயர் மூன்று, அய்யர் நான்கு. ஔவை இரண்டு, அவ்வை மூன்று. குறிப்பின் முடிவில் உள்ள எண்ணைப் பார்த்துத்தான் எந்த எழுத்துக்கூட்டல் என்று முடிவு செய்ய வேண்டும். தட்டச்சில் இன்னொரு வம்பு: ‘கௌரவம்’ என்பதில் ‘கௌ’வுக்குப் பதில் கெ, ள என்று இரண்டைத் தட்டிவிடுவார்கள். கண்ணுக்குப் பெரிதாக வித்தியாசம் தெரியாது. நான்கு கட்டச் சொல் ஐந்தாகிவிடும்.

கணினிக் கணக்கில் 11 வந்ததற்குக் காரணம், அது ஒவ்வொரு குறியையும் புள்ளியையும் தனிக் குறியீடாகச் சேமிப்பதுதான். பைத்தானில் எழுதிப் பார்க்கலாம்:

```
len("கொழுக்கட்டை")   # 11
```

‘கொ’வின் குறியை `U+0BCA` என்று ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், `U+0BC6`, `U+0BBE` என்று இரண்டாகவும் சேமிக்கலாம். இரண்டாவது வகையில் மொத்தம் 12 வரும். இதைச் சரிசெய்வது எளிது: குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட்டு, அவற்றைத் தாங்கும் எழுத்துகளை மட்டும் எண்ணினால் ஆறு கிடைத்துவிடும். மென்பொருள் தவறாகப் பிரித்திருப்பதற்கு அடையாளம், ஒரு கட்டத்தில் வெறும் காலோ கொம்போ புள்ளிகளால் ஆன வட்டத்தோடு தனியே நிற்பது.

இந்த வழியும் கிரந்த எழுத்துகளில் தடுமாறும். அது ‘க்ஷ’வை க், ஷ என இரண்டாகவும், ‘ஸ்ரீ’யை ஸ், ரீ என இரண்டாகவும் எண்ணும். எழுதுகிறவர்களோ அவற்றை ஒரே எழுத்தாகவே பார்க்கிறார்கள். ஸ்ரீரங்கத்துக்கு ஐந்து கட்டமா ஆறா என்பதற்கு இரு பக்கமும் வாதம் உண்டு. இந்த வழக்கில் மாட்டிக்கொள்ள விரும்பாத புதிர்க்காரர் திருவரங்கம் என்று போட்டு ஏழு கட்டம் ஒதுக்கிவிடலாம். லக்ஷ்மிக்கும் அப்படித்தான்: லட்சுமி என்றால் ல, ட், சு, மி, சந்தேகமில்லாமல் நான்கு. ஸ்ரீ இல்லாமல் முடியாது என்றால், அதற்கு எத்தனை கட்டம் என்பதைப் புதிரின் தலைப்பிலேயே அச்சிட்டுவிட வேண்டும்.