போட்டோ கேட்கும் வரனுக்கு என்ன பதில் சொல்வது?

மேட்ரிமோனி தளத்தில் ஜாதகம் பொருந்தி, இரண்டு வீட்டுப் பெரியவர்களும் பேசி முடித்து, "பிள்ளைங்க கொஞ்சம் பேசிப் பார்க்கட்டும்" என்று எண்ணைக் கொடுத்துவிட்டால், அன்று மாலையே வாட்ஸ்அப்பில் பேச்சு தொடங்கிவிடுகிறது. வேலை, ஊர், பிடித்த படம், கல்யாணத்துக்குப் பிறகு எங்கே குடியிருப்பது என்று சில நாட்கள் போகும். பிறகு ஓர் இரவு, "ஒரு போட்டோ அனுப்புங்களேன்" என்று வரும். "ப்ரொஃபைல்லயே இருக்குங்களே" என்றால், "அது ஸ்டூடியோ போட்டோ. ரூம்ல, நைட் டிரெஸ்ல இருக்கிற மாதிரி ஒண்ணு. எனக்கு மட்டும்தான்" என்று பதில் வரும்.

நிச்சயதார்த்தம்கூட ஆகாத நிலையில் இந்தக் கேள்வி ஒரு பெண்ணைத் தனியாக மாட்டிவிடுகிறது. டேட்டிங் செயலியில் பழகியவர் என்றால் தொடர்பை ஒரு நொடியில் துண்டித்துவிடலாம். இங்கே அந்த ஆளுக்குப் பின்னால் தரகர், மாமா, பொருந்திப்போன ஜாதகம் எல்லாம் நிற்கின்றன. மறுத்தால் சம்பந்தம் கெட்டுவிடுமோ, பழி தன் மேல் விழுமோ என்ற பயம் வருகிறது. அந்தப் பயத்தில்தான் பலர் மறுப்பதற்குப் பதிலாகச் சாக்குச் சொல்லத் தொடங்குகிறார்கள்.

மாப்பிள்ளையின் அம்மா பார்க்கப் புடவையில் ஒரு முழு உருவப் படம் கேட்பது வழக்கமாக நடப்பது. அது பெற்றோர் வழியாகவே போகலாம். அதைக்கூட அனுப்பப் பிடிக்காவிட்டால் நேரில் பார்க்கலாம் என்று சொல்ல உரிமை உண்டு. "எனக்கு மட்டும்", "யாருக்கும் சொல்லாதீங்க" என்ற சொற்களோடு கேட்கப்படும் படம் வேறு ரகம். இரண்டு வீட்டாரும் சேர்ந்து பார்க்க முடியாத படத்தை அறிமுகமான சில நாட்களில் கேட்பவருக்கு என்ன பதில் எழுதுவது என்பதுதான் இங்கே பிரச்சினை.

சாக்குச் சொன்னால் என்ன ஆகிறது என்று பாருங்கள். "இப்ப வீட்ல எல்லாரும் இருக்காங்க" என்று எழுதினால், "சரி, எல்லாரும் தூங்கினதும் அனுப்புங்க" என்பார். "நான் போட்டோல நல்லா இருக்க மாட்டேன்" என்றால், "எப்படி இருந்தாலும் எனக்கு அழகுதான்" என்பார். "கல்யாணத்துக்கு முன்னாடி வேண்டாமே" என்றால், "அப்ப நிச்சயம் ஆனதும் ஓகேவா?" என்று கேட்பார். சொல்லும் ஒவ்வொரு காரணமும் அவர் தீர்த்துவைக்கக்கூடிய ஒரு சிக்கலாக மாறிவிடுகிறது. காரணம் தீர்ந்ததும் மறுப்பும் தீர்ந்துவிட்டதாக அவர் எடுத்துக்கொள்கிறார். "இப்ப வேண்டாம்" என்பது அவர் காதில் பிறகு ஒரு நாள் அனுப்புவேன் என்றுதான் விழும்.

அதனால் காரணம் இல்லாத ஒரு வாக்கியம் போதும். "இந்த மாதிரி போட்டோ நான் யாருக்கும் அனுப்புறதில்லைங்க." இதில் வாதாட ஒன்றும் இல்லை, ஏனென்றால் இது உங்கள் வழக்கத்தைச் சொல்கிறது. 'யாருக்கும்' என்று இருப்பதால் அவரை மட்டும் நம்பவில்லை என்ற குத்தலும் இல்லை. மன்னிப்புக் கேட்க வேண்டாம். சிரிக்கும் முகத்தையும் சேர்க்க வேண்டாம். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று அவர் நினைத்துக்கொள்ள அது இடம் கொடுக்கும். அடுத்த வரியில், பழகிப் பார்க்க உங்களுக்கு ஒத்துவரும் ஒரு வழியைச் சொல்லலாம்: "ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வீடியோ கால்ல பேசலாமா? அக்காவும் இருப்பாங்க." அழைப்பையும் பதிவுசெய்ய முடியும் என்பதால் கூடத்தில் உட்கார்ந்து, வெளியே போகும் உடையில் பேசுவது நல்லது. இரவில் வந்த கேள்விக்கு இரவிலேயே பதில் சொல்ல வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. காலையில் நிதானமாக எழுதுங்கள்.

அதற்கு வரும் பதில் அந்த மனிதரைப் பற்றி நிறையச் சொல்லிவிடும். "சரிங்க, தப்பா எடுத்துக்காதீங்க" என்று சொல்லி, பேச்சை மாற்றி, பிறகு அந்தப் பக்கமே வராதவர் உண்மையிலேயே ஏற்றுக்கொண்டவர். ஆர்வக்கோளாறில் கேட்டுவிட்டு வெட்கப்படும் பையன்களும் உண்டு. அவர்களை இந்த ஒன்றுக்காகவே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. இரண்டு நாள் கழித்து வேறு வேஷத்தில் அதையே கேட்பவர் ஏற்கவில்லை. "ஒரு தடவை பார்த்ததும் மறையுற மாதிரி அனுப்புங்க" என்பது ஒரு வேஷம். வாட்ஸ்அப் 2021-ல் கொண்டுவந்த அந்த வசதியில் இப்போது ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாதுதான். ஆனால் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துத் திரையைப் படம் பிடிப்பதை எந்தச் செயலியாலும் தடுக்க முடியாது. "நான் முதல்ல என்னோடதை அனுப்புறேன்" என்பது இன்னொரு வேஷம். நீங்கள் கேட்காத படத்துக்கு நீங்கள் பதில் மொய் வைக்க வேண்டியதில்லை.

"கட்டிக்கப் போறவன்தானே, என்மேல நம்பிக்கை இல்லையா?" என்று வந்தால், மாற்று வழி எதுவும் சொல்லாமல் முடித்துவிட வேண்டும்: "நம்பிக்கைக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க. நான் அனுப்ப மாட்டேன். இதைப் பத்தி இனிமே கேக்காதீங்க." அதற்கு மேலும் கேட்டால் விளக்கமே தேவையில்லை. "இந்தப் பேச்சை இதோட நிறுத்திக்கலாம். இனி என்னைத் தொடர்புகொள்ள வேண்டாம்" என்று எழுதிவிட்டு வெளியேறலாம். இதை எழுத்தில் சொல்வதற்குச் சட்டத்திலும் மதிப்பு உண்டு. ஒரு பெண் தனக்கு விருப்பமில்லை என்று தெளிவாகத் தெரிவித்த பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பத் தொடர்புகொள்ள முயல்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-வது பிரிவின்கீழ் குற்றம்.

தடுப்பதற்கு முன் எண்ணும் தேதியும் தெரியும்படி உரையாடலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் தன் செய்திகளை இரு பக்கமும் அழித்துவிட முடியும். அடுத்து, வீட்டில் ஒருவரிடம், அம்மாவிடம் கூச்சமாக இருந்தால் அக்காவிடமோ சித்தியிடமோ, அன்றைக்கே சொல்லிவிடுங்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். "பொண்ணு சரியா பேசலை, திமிர்" என்று அவர் வீட்டிலிருந்து முதலில் சேதி வந்துவிட்டால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வது சமாளிப்பாகவே கேட்கும். "ராத்திரி நேரத்துல ரூம் போட்டோ கேட்டாரு, முடியாதுன்னேன், மறுபடியும் கேட்டாரு" என்றால் போதும். மற்றதைப் பெரியவர்கள் புரிந்துகொள்வார்கள்.

ஆண்களுக்கு இது வேறு வடிவில் வருகிறது. அறிமுகமான ஓரிரு நாளிலேயே "பெண்" உடையில்லாமல் வீடியோ காலில் வரச் சொன்னால், பெரும்பாலும் எதிரில் இருப்பது பணம் பறிக்கும் கும்பல். அவர்களிடம் மரியாதை காட்ட வேண்டியதில்லை. பதில் எழுதாமல் தடுத்துவிட்டு, அந்தக் கணக்கைப் பற்றித் தளத்துக்குப் புகார் கொடுக்க வேண்டும்.

ஏற்கெனவே படம் போய்விட்டு, இப்போது மிரட்டல் வருகிறது என்றால் பணமோ இன்னொரு படமோ கொடுக்காதீர்கள். கொடுத்தால் கேட்பது கூடும். படம் எடுக்கச் சம்மதித்தது, அதைப் பரப்பச் சம்மதித்ததாக ஆகாது என்று அதே சட்டத்தின் 77-வது பிரிவு சொல்கிறது. cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுக்கலாம். பணம் பறிபோயிருந்தால் உடனே 1930-ஐ அழைக்க வேண்டும். பதினெட்டு வயது நிறைந்தவர்கள் StopNCII.org தளத்தையும் பயன்படுத்தலாம். படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. அதன் எண்வடிவ அடையாளம் மட்டும் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களுக்குப் போகும். அந்தப் படம் அங்கே ஏற்றப்பட்டால் அடையாளம் கண்டு நீக்க அது உதவும். ஆனால் இந்த ஏற்பாட்டில் சேர்ந்துள்ள தளங்களில் மட்டும்தான் இது செல்லும்; தனிப்பட்ட அரட்டைகளில் கைமாறுவதை இது நிறுத்தாது. அதற்குக் காவல்துறைப் புகார்தான் வழி.