நாபாலின் பதிலும் நானூறு பட்டயங்களும்

தென்னிந்தியத் திருச்சபையின் பல சபைகளில் ஆண்கள் ஐக்கியம் என்றொரு அமைப்பு உண்டு. சில ஊர்களில் அது விடுமுறைக் காலையில், சிற்றுண்டியோடு கூடும். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், சுடச்சுட இட்லியும் பொங்கலும், பிறகு அரைமணி நேரப் பேச்சு. கோபத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அதற்கு வாகான வேதபகுதி 1 சாமுவேல் 25ஆம் அதிகாரம். ஒரே ஒரு பகலும் இரவும் நடக்கிற கதை அதன் நடுப்பகுதி. கோபம் எங்கே மூண்டது, எதைத் தின்று வளர்ந்தது, யார் அதை மறித்தார் என்று படிப்படியாகக் காட்டுகிறது.

கதை நடப்பது எபிரோனுக்குத் தெற்கே, யூதாவின் மலைநாட்டில். மாகோன் ஊரைச் சேர்ந்த நாபாலுக்கு மூவாயிரம் ஆடுகளும் ஆயிரம் வெள்ளாடுகளும் இருந்தன. கர்மேலில் அவன் ஆட்டுமயிர் கத்தரித்துக்கொண்டிருந்தான். மந்தைக்காரர்களுக்கு அது அறுவடைத் திருநாள் போன்றது. கை தாராளமாக இருக்கும் நேரம். சவுல் ராஜாவுக்குத் தப்பி வனாந்தரத்தில் திரிந்த தாவீதோடு ஏறக்குறைய அறுநூறு பேர் இருந்தார்கள். நாபாலின் மேய்ப்பர்களுக்கு அவர்கள் தொல்லை கொடுக்கவில்லை, காவலாகவே இருந்தார்கள். அந்த நன்றியை நம்பி, பத்து வாலிபரை அனுப்பி, கையில் இருப்பதைக் கொடுக்கும்படி தாவீது கேட்டான். யார் இந்தத் தாவீது, எசமானை விட்டு ஓடிப்போகிற வேலைக்காரர்கள் இந்தக் காலத்தில் பெருகிவிட்டார்கள், இவர்களுக்கா என் அப்பத்தையும் தண்ணீரையும் கொடுப்பேன் என்றான் நாபால்.

செய்தி வந்து சேர்ந்ததும் தாவீது எதையும் விசாரிக்கவில்லை. பட்டயத்தைக் கட்டிக்கொள்ளச் சொன்னான். இருநூறு பேர் மூட்டைமுடிச்சுகளுக்குக் காவல் இருக்க, நானூறு பேர் புறப்பட்டார்கள்.

இதற்கு முந்தைய 24ஆம் அதிகாரத்தை யாராவது சத்தமாக வாசித்தால் பேச்சு சூடுபிடிக்கும். அங்கே எங்கேதியின் குகையில், தன் உயிரையே தேடி வந்த சவுல் தனியாகச் சிக்குகிறான். கூட இருந்தவர்கள் தூண்டிவிட்டும் தாவீது அவனைக் கொல்லவில்லை. சால்வையின் ஓரத்தை மட்டும் அறுத்தான். அதற்கும் மனம் உறுத்தி வருந்தினான். கொல்லத் துரத்தியவனிடம் அவ்வளவு பொறுமை காத்தவன், ஒரு பணக்காரனின் ஏளனத்துக்கு ஒரு வீட்டு ஆண்களையே வெட்டப் புறப்பட்டது எப்படி? சவுலிடம் அவன் விழிப்பாக இருந்தான். அபிஷேகம் பெற்ற ராஜாவைத் தொடக்கூடாது என்ற எல்லைக்கோடு முன்கூட்டியே மனதில் இருந்தது. நாபாலைப் பற்றி அப்படி எந்தக் கோடும் இல்லை. ஏளனம் குத்தியதும் அவனுக்கு மிக நொந்த இடத்தில்தான்: ஊரற்றவன், ஓடிப்போனவன். மேலதிகாரி திட்டும்போது வாய்பொத்தி நிற்கிற மனிதர், வீட்டில் ஒரு சொல்லுக்குத் தட்டை வீசுவதும் இப்படித்தான். பெரிய சோதனையில் கோபத்தை அடக்கியவர் சிறியதிலும் அடக்குவார் என்று நம்பிக்கொள்ள இந்தக் கதை இடம் தரவில்லை.

அடுத்து, போகிற வழி. தாவீதின் மனதில் என்ன ஓடியது என்பதைக் கதை 21, 22ஆம் வசனங்களில் சொல்கிறது. அவனுடையதையெல்லாம் நான் காத்தது வீணாயிற்றே, நன்மைக்குப் பதிலாகத் தீமை செய்தானே என்று திரும்பத் திரும்ப எண்ணுகிறான். விடிவதற்குள் அங்கே ஓர் ஆண்பிள்ளையைக்கூட விட்டுவைப்பதில்லை என்று சபதமும் செய்கிறான். தூரம் கடந்தும் கோபம் ஆறவில்லை, முற்றியது. 2002இல் அமெரிக்க உளவியலாளர் பிராட் புஷ்மன் வெளியிட்ட ஆய்வு இதோடு சேர்த்துச் சொல்லத்தக்கது. கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர், தங்களைச் சீண்டியவரை நினைத்தபடி குத்துச்சண்டைப் பையை அடித்தார்கள். சும்மா உட்கார்ந்திருந்தவர்களைவிட அவர்களுக்கே கோபமும் வன்மமும் மிஞ்சியிருந்தன. கொட்டித் தீர்த்தால் ஆறிவிடும் என்ற நம்பிக்கைக்கு அது எதிர்ச்சாட்சி. வெளியே ஒரு நடை போய்விட்டு வந்தால் சரியாகும் என்பதும் பாதி உண்மைதான். நடக்கும்போது மனம் அதே வழக்கை வாதாடிக்கொண்டிருந்தால், தாவீது நடந்ததைப் போலத்தான் முடியும்.

அவனை மறித்தவள் நாபாலின் மனைவி அபிகாயில். அவளுக்குச் சேதி சொன்னவன் ஒரு வேலைக்காரன். எசமானிடம் பேசவே முடியாது என்று அவன் சொன்ன குறைதான் கதையின் மிகக் கசப்பான வரி. அவள் இருநூறு அப்பங்கள், இரண்டு துருத்தி திராட்சரசம், சமைத்த ஐந்து ஆடுகள், வறுத்த பயறு, உலர்ந்த திராட்சைக்குலைகள், இருநூறு அத்திப்பழ அடைகள் எல்லாவற்றையும் கழுதைகளில் ஏற்றிப் புறப்பட்டாள். பசித்தவர்களிடம் முதலில் உணவைக் காட்டுகிற புத்தி அது.

அவள் பேச்சைக் கவனிக்க வேண்டும். நாபால் செய்தது சரி என்று அவள் வாதாடவில்லை. தாவீதின் கோபம் தப்பு என்றும் தொடங்கவில்லை. பழியைத் தன்மேல் ஏற்றுக்கொள்கிறாள். பிறகு அவனை வருங்காலத்துக்கு அழைத்துப் போகிறாள்: நீர் அதிபதியாகும் நாளில், காரணமில்லாமல் இரத்தம் சிந்தினோமே என்ற மனஇடறல் உமக்கு இருக்கக்கூடாது. எதிரிகளின் உயிரைக் கடவுள் கவணில் வைத்து எறிவார் என்கிறாள். கவணை வைத்துத்தான் கோலியாத்தை வீழ்த்தினான் தாவீது. அவன் யார் என்பதை நாபால் மறுத்தான், அபிகாயில் நினைவூட்டினாள். தாவீது நின்றான், அவளை வாழ்த்தினான், செய்த சபதத்தைக் கைவிட்டான். நானூறு பேர் பார்த்துக்கொண்டிருக்க ஆணையிட்ட ஒரு தலைவனுக்கு அது எளிதல்ல.

இந்த இடத்தில் பல பேச்சாளர்கள் வழுக்குவதுண்டு. அபிகாயிலைப் போலக் கணவன் கோபத்தைத் தணிக்கத் தெரிந்தவளே நல்ல மனைவி என்று திருப்பிவிடுவார்கள். கதை அப்படிச் சொல்லவில்லை. அவள் கணவனிடம் சொல்லாமலே, அவன் முடிவுக்கு எதிராகப் போனவள். தணித்தது வேறொருவனின் கோபத்தை. ஆண்கள் கூடியிருக்கும் அறையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: உங்களை மறித்துப் பேச வீட்டில், வேலையிடத்தில் யாருக்குத் துணிவு உண்டு? நாபாலிடம் ஒருவருக்கும் இல்லை. முன்பின் தெரியாத பெண் சொன்னதையே தாவீது கேட்டான். கோபம் அடியாக மாறிவிட்ட வீட்டில் இந்தக் கதை மருந்தாகாது என்பதையும் அதே மேசையில் சொல்லிவிட வேண்டும். அங்கே 181 என்ற மகளிர் உதவி எண்ணும் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டமும்தான் முதலில் வர வேண்டியவை.

அபிகாயில் வீடு திரும்பியபோது நாபால் ராஜ விருந்து வைத்து வெறித்திருந்தான். விடியும்வரை அவள் வாய் திறக்கவில்லை. போதை தெளிந்தபின் சொன்னாள். கேட்டதும் அவன் கல்லைப்போலானான், பத்து நாளில் இறந்தான்.

அடுத்த 26ஆம் அதிகாரத்தில் சவுல் மறுபடி சிக்குகிறான். தூங்குகிறவனின் ஈட்டியையும் தண்ணீர்ச் செம்பையும் மட்டும் எடுத்துக்கொண்டு தாவீது விலகுகிறான். கர்த்தரே அவனைப் பார்த்துக்கொள்ளட்டும் என்கிறான். ஆனால் கணக்கு அங்கேயும் முடியவில்லை. பல வருடங்கள் கழித்து சீமேயி என்பவன் கல்லெறிந்து சபிக்கும்போது பொறுத்துக்கொண்ட அதே தாவீது, மரணப்படுக்கையில் மகன் சாலொமோனிடம் அவனைச் சும்மா விடாதே என்று சொல்லிவிட்டுப் போகிறான். 2 சாமுவேல் 16, 1 இராஜாக்கள் 2 ஆகிய இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால், அடக்கிய கோபமும் ஆறிய கோபமும் ஒன்றுதானா என்பது ஆண்கள் ஐக்கியத்தின் அடுத்த கூடுகைக்குப் போதுமான பொருளாகும்.