ஆஃபர் லெட்டரில் இல்லாத மூன்று விவரங்கள்

ஆஃபர் லெட்டர் வந்ததும் கண் முதலில் ஓடுவது ஆண்டுச் சம்பளத் தொகைக்குத்தான். அடுத்து பதவிப் பெயர், சேரும் தேதி, வேலை பார்க்கும் ஊர். பல நிறுவனங்களின் கடிதம் ஏறக்குறைய இதோடு முடிந்துவிடுகிறது. அந்த வேலை எந்த கிரேடில் வருகிறது, அந்த கிரேடுக்கு நிறுவனம் வைத்திருக்கும் சம்பள வரம்பு என்ன, சேர்ந்த பின் யாருக்குக் கீழே வேலை செய்ய வேண்டும் என்ற மூன்றும் அதில் பெரும்பாலும் இருப்பதில்லை. அடுத்த சில ஆண்டுகளின் சம்பள உயர்வும் பதவி உயர்வும் இந்த மூன்றைத்தான் நம்பியிருக்கின்றன.

பதவிப் பெயரே போதாதா என்று கேட்கலாம். போதாது. அமெரிக்க முதலீட்டு வங்கிகளில் ‘வைஸ் பிரசிடென்ட்’ என்றால் துணைத் தலைவர் அல்ல. அனலிஸ்ட், அசோசியேட் ஆகிய படிகளைத் தாண்டியவர் வந்து நிற்கும் இடைநிலை அது. அதற்கு மேல் டைரக்டர், மேனேஜிங் டைரக்டர் எல்லாம் இருக்கிறார்கள். எண்களை வைத்தும் கணக்குப் போட முடியாது. கல்லூரி முடித்து நேராகச் சேரும் மென்பொருள் பொறியாளர் கூகுளில் லெவல் 3, அமேசானில் லெவல் 4, மைக்ரோசாஃப்டில் லெவல் 59. ஒரு நிறுவனத்தின் எண்ணுக்கு அந்த நிறுவனத்துக்குள் மட்டும்தான் பொருள். ஆகவே எண்ணைத் தெரிந்துகொள்வதோடு, அதற்கு மேலே எத்தனை படி, கீழே எத்தனை படி என்பதையும் கேட்டாக வேண்டும்.

இதில் பணம் எங்கே இருக்கிறது என்பதை ஒரு கணக்கு காட்டும். சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில், மென்பொருள் சோதனையில் ஏழு ஆண்டு அனுபவமுள்ள ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆஃபர் வந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். இரண்டிலும் நிலையான சம்பளம் 18 லட்சம். பதவிப் பெயரும் ஒன்றே. முதல் நிறுவனத்தில் அந்த கிரேடின் வரம்பு 10 முதல் 18 லட்சம். இரண்டாவதில் 16 முதல் 26 லட்சம். முதல் இடத்தில் அவர் சேரும் நாளிலேயே உச்சியில் நிற்கிறார். இரண்டாவதில் அடிப்பகுதியில் இருக்கிறார்.

உச்சியில் நிற்பது நல்லதுதானே என்று தோன்றும். பெரிய நிறுவனங்கள் பலவற்றில் ஆண்டு உயர்வை இரண்டு விஷயங்களைச் சேர்த்துப் பார்த்து முடிவு செய்கிறார்கள்: அந்த ஆண்டின் ரேட்டிங், வரம்புக்குள் அந்த ஊழியர் இருக்கும் இடம். வரம்பின் நடுப்புள்ளியை 100 என்று வைத்தால், முதல் நிறுவனத்தில் நடுப்புள்ளி 14 லட்சம். இந்தப் பெண் 129-இல் இருக்கிறார். இரண்டாவதில் நடுப்புள்ளி 21 லட்சம். அங்கே அவர் 86. ஒரே ரேட்டிங் வாங்கினாலும் 86-இல் இருப்பவருக்கு 10 சதவீதம் கிடைக்கும் ஆண்டில், 129-இல் இருப்பவருக்கு 4 சதவீதமோ அதற்கும் குறைவோ கிடைக்கலாம். வரம்பைத் தொட்டுவிட்டவருக்கு மாதச் சம்பளத்தை ஏற்றாமல் ஒரு முறை மட்டும் ஒரு தொகையைக் கொடுத்து முடித்துவிடும் நிறுவனங்களும் உண்டு. அதற்குப் பிறகு அடுத்த கிரேடுக்குப் போனால்தான் சம்பளம் நகரும். அதற்கு அந்த கிரேடில் இத்தனை ஆண்டு இருந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் அதுவரை காத்திருக்க வேண்டியதுதான்.

இன்னொரு சிக்கலும் நடக்கிறது. சீனியர் இடத்துக்கு நேர்காணல் நடக்கும். நேர்காணல் செய்தவர்களின் கருத்தை வைத்து ஒரு படி குறைத்து ஆஃபர் தருவார்கள். சம்பளம் எதிர்பார்த்த அளவிலேயே இருப்பதால் அது கண்ணில் படாது. முதலில் சொன்ன வேரியபிள் சதவீதம் குறைந்திருந்தாலோ, விளம்பரத்தில் இருந்த பதவிப் பெயரிலிருந்து ‘சீனியர்’ என்ற சொல் கடிதத்தில் காணாமல் போயிருந்தாலோ சந்தேகப்பட வேண்டும்.

கேட்க வேண்டிய நேரம், வாய்மொழியாக ஆஃபர் சொன்ன பிறகு, கடிதம் தயாராவதற்கு முன். கடிதம் வெளியே வந்துவிட்டால் கிரேடை மாற்ற மறுபடியும் மேலிட ஒப்புதல் வாங்க வேண்டும். அந்த வேலையை யாரும் விரும்பி எடுத்துக்கொள்வதில்லை. பதில் தெரியாது என்று நிறுவனத்தின் சொந்த ஆள்சேர்ப்புப் பிரிவு சொல்ல வாய்ப்புக் குறைவு. பெரிய நிறுவனங்களில் ஓர் இடத்துக்கு ஆள் எடுக்க ஒப்புதல் கேட்கும்போதே கிரேடையும் மேலாளர் பெயரையும் பதிவு செய்துவிடுவார்கள். கன்சல்டன்சி மூலம் வந்தவர்களுக்கு மட்டும் நிலைமை வேறு. இடையில் இருப்பவருக்கு உண்மையிலேயே தெரியாமல் இருக்கலாம், நிறுவனத்தின் ஹெச்.ஆரிடமே கேட்டுச் சொல்லுமாறு அவரிடம் கேட்கலாம்.

உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்.

“மேடம், லெட்டர் போடறதுக்கு முன்னாடி ஒரு விஷயம். இது எந்த கிரேடுல வருது?”

“அது இன்டர்னல்ங்க. சேர்ந்தப்புறம் போர்ட்டல்ல தெரியும்.”

“சரிங்க மேடம். பேண்டோட தொகை சொல்ல முடியலைன்னா பரவாயில்லை. கிரேடு பேரு, என் சம்பளம் அந்த பேண்டுல கீழயா, நடுவுலயா, மேலயா, அது மட்டும் சொன்னா போதும். என் மேனேஜர் யாருன்னும் மெயில்ல போட்டுடுங்க.”

இரண்டாவது கேள்வியில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. தொகையை வெளியே சொல்லத் தடை இருக்கலாம். கீழே, நடுவே, மேலே என்று சொல்ல அவ்வளவு தயக்கம் இருக்காது. சொல்லும் வரம்பு நிலையான சம்பளத்துக்கா, மொத்த சி.டி.சி.க்கா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் மேலே போட்ட கணக்கு முழுக்கத் தப்பாகிவிடும்.

வரம்பைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தனியார் நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தும் சட்டம் இந்தியாவில் இல்லை. நியூயார்க் நகரத்தில் 2022 நவம்பர் முதல் வேலை விளம்பரத்திலேயே சம்பள வரம்பைப் போட வேண்டும். வேலை தேடுபவருக்குத் தொடக்கச் சம்பளத்தையோ அதன் வரம்பையோ முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதி கொண்டுவந்தது. இங்கே அது கேட்டு வாங்க வேண்டிய தகவலாகவே இருக்கிறது.

மேலாளர் விஷயத்தில் பெயர் மட்டும் போதாது. நேர்காணல் செய்தவரே மேலாளர் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். சேர்ந்த பிறகு பார்த்தால் அவர் வேறு அணியில் இருப்பார். வெளிநாட்டு நிறுவனங்களின் சென்னைக் கிளைகளில் ஒருவருக்கு இரண்டு மேலாளர்கள் இருப்பது சாதாரணம். அன்றாட வேலையை டல்லாஸிலோ லண்டனிலோ இருப்பவர் சொல்வார். விடுப்புக்கு ஒப்புதல் தருபவர் சென்னையில் இருப்பார். ரேட்டிங் எழுதுவது இவர்களில் யார் என்பதே முக்கியமான கேள்வி. வேலையைக் கண்ணால் பார்க்காத ஒருவர் ரேட்டிங் எழுதினால், அணிகளை ஒப்பிட்டு ரேட்டிங்கை இறுதி செய்யும் கூட்டத்தில் அந்த ஊழியருக்காகப் பேச ஆள் இருக்காது. அந்த மேலாளரின் கிரேடையும் கேட்கலாம். அவரும் ஊழியரும் ஒரே கிரேடில் இருந்தால், அந்த அணிக்குள்ளேயே அடுத்த படிக்கு இடம் கிடைப்பது கடினம்.

மெயிலில் வந்த மேலாளர் பெயர் நிரந்தரம் அல்ல. ஊழியரை எந்த அணிக்கும் மாற்றலாம் என்ற விதி பெரும்பாலான நியமனக் கடிதங்களில் இருக்கிறது. கிரேடு அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. அதனால் இரண்டில் ஒன்றைத்தான் வற்புறுத்திக் கேட்க முடியும் என்றால் கிரேடைக் கேட்பது நல்லது. முப்பது, நாற்பது பேர் கொண்ட புதிய நிறுவனங்களில் கிரேடு என்ற ஒன்றே இல்லாமல் இருக்கலாம். அங்கே, இதே வேலையைச் செய்யும் மற்றவர்கள் யார், அவர்களுக்கும் நிறுவனருக்கும் இடையே எத்தனை பேர் என்று கேட்டால் அதே தகவல் கிடைத்துவிடும்.

ஐ.டி. துறையில் 90 நாள் நோட்டீஸ் பரவலாக இருக்கிறது. பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு இந்தக் கேள்விகளை ஆரம்பித்தால், பதில் எப்படி இருந்தாலும் ஏற்றுக்கொள்ளும் நிலைக்குத்தான் வர வேண்டியிருக்கும். பதில் மெயில் கைக்கு வந்த பிறகு அந்தக் கடிதத்தைக் கொடுக்கலாம்.