எபிசோட்: ராகு திசை எப்போ முடியுது? ஒரு ஜாதகப் பலனைப் பிரிச்சுப் பார்க்கலாம்

இந்த வாரம் ஒரு டாக்குமெண்டைப் படிக்கப் போறோம். நம்ம ஷோ கேட்கிற ஒருத்தர் அனுப்பினது, மூணு பக்கம், டைப் பண்ணின ஜாதகப் பலன். அவர் 2009 நவம்பர்ல கத்தார் போனவர். பதினாறு வருஷம் ஆச்சு. அம்மா கும்பகோணம் பக்கத்துல தனியா இருக்காங்க, பொண்ணு பத்தாவது பரீட்சை எழுதப் போறா. ஊருக்குத் திரும்பலாமா வேண்டாமான்னு ஒரு ஜோதிடர்கிட்ட எழுதி வாங்கியிருக்கார். "உத்தேசமா 2026 ஆகஸ்டுக்கு மேல் சொந்த ஊர் வாசம், வீடு, தாயார் வகையில் அனுகூலம்"னு இருக்கு. ஆனா பொண்ணுக்கு பிளஸ் ஒன் ஜூன்ல தொடங்குது. "ரெண்டு மாசம்தானே, அதுக்காகப் பொண்ணை நடுவுல ஸ்கூல் சேர்க்கிறதா?" இதுதான் அவர் கேள்வி.

கிரகங்கள் நம்ம வேலையைத் தீர்மானிக்குதுன்னு நான் நம்புறதில்லை. அந்த விவாதம் இன்னைக்கு வேண்டாம். நம்புறவரா இருந்தாலும் இல்லாட்டாலும், அந்த "ஆகஸ்ட்" எங்கிருந்து வந்ததுன்னு தெரிஞ்சுக்கலாம். அது முழுக்க ஒரு கணக்கு. நமக்குப் பழக்கமான விஷயம்: இன்புட், ஃபார்முலா, அவுட்புட்.

அவர் பிறந்தது 1980 ஆகஸ்ட் நடுவுல, காலை 7:30. பூரம் நட்சத்திரம், சிம்ம ராசி, சிம்ம லக்னம். ஜோதிடர் பயன்படுத்தினது விம்சோத்தரி திசை முறை. இதுல மொத்தம் 120 வருஷத்தை ஒன்பது கிரகத்துக்குப் பங்கு போட்டிருக்காங்க. சுக்கிரனுக்கு 20 வருஷம், அடுத்து சூரியன் 6, சந்திரன் 10, செவ்வாய் 7, ராகு 18, குரு 16, இப்படிப் போகும். பிறக்கும்போது சந்திரன் எந்த நட்சத்திரத்துல இருக்கோ, அந்த நட்சத்திரத்தோட அதிபதி திசையில வாழ்க்கை ஆரம்பிக்கும். பூரத்துக்கு அதிபதி சுக்கிரன். ஆனா முழு 20 வருஷமும் கிடைக்காது. சந்திரன் அந்த நட்சத்திரத்துல எவ்வளவு தூரம் கடந்திருக்கோ அவ்வளவும் கழிஞ்சுடும்.

ஒரு நட்சத்திரத்தோட அகலம் 13 பாகை 20 கலை, அதாவது 800 கலை. இவர் ஜாதகத்துல சந்திரன் 560 கலை கடந்திருக்கு. அப்போ:

```
20 × (800 − 560) ÷ 800 = 6 வருஷம்
```

பிறப்புல சுக்கிர திசை இருப்பு 6 வருஷம், 1986 ஆகஸ்ட் வரைக்கும். அதுக்கு மேல சூரியன் 1992 வரை, சந்திரன் 2002 வரை, செவ்வாய் 2009 வரை, ராகு 2027 ஆகஸ்ட் வரை. ஒவ்வொரு திசையையும் திரும்ப அதே விகிதத்துல ஒன்பது புக்தியா வெட்டுவாங்க. ராகு திசையில கடைசி புக்தி செவ்வாய், நீளம் 18 × 7 ÷ 120, அதாவது ஒரு வருஷமும் பதினெட்டு நாளும். 2027 ஆகஸ்ட்ல இருந்து பின்னாடி எண்ணினா 2026 ஜூலை கடைசி. "ஆகஸ்டுக்கு மேல்" வந்துடுச்சா?

அர்த்தம் சொல்ற பகுதி இதுக்கு அப்புறம்தான். இவருக்கு ராகு கடகத்துல இருக்கு, லக்னத்துக்குப் பன்னிரண்டாம் இடம். பன்னிரண்டு வெளிநாட்டு வாசம், செலவு, தூக்கம் இதுக்கெல்லாம் உள்ள வீடு. நாலாம் இடம் தாயார், வீடு, மண். சிம்ம லக்னத்துக்கு நாலாம் வீடு விருச்சிகம், அதோட அதிபதி செவ்வாய். அதனால "ராகு கூட்டிட்டுப் போச்சு, செவ்வாய் கூட்டிட்டு வருது"ன்னு ஜோதிடர் படிச்சிருக்கார். அவரோட இலக்கணப்படி இது ஒழுங்கான வாசிப்பு, அடிச்சு விட்டது இல்லை. 2009 ஆகஸ்ட்ல ராகு திசை தொடங்கி நவம்பர்ல விமானம் ஏறினதும் பொருந்துது. நம்ம நண்பர் கவுந்தது இந்த இடத்துலதான். ஆனா ராகு ஒரு ராசியில ஒன்றரை வருஷம் இருக்கும். அந்த ஒன்றரை வருஷத்துல தினமும் சிம்ம லக்னம் ஓடுற ரெண்டு மணி நேரத்துக்குள்ள பிறந்த எல்லாருக்கும் பன்னிரண்டுல ராகுதான். அதுல எத்தனை பேர் தஞ்சாவூர் ஜில்லாவைத் தாண்டினதே இல்லையோ.

சரி, அந்த ஆகஸ்ட் எவ்வளவு உறுதி? இன்புட்டை லேசா ஆட்டிப் பார்ப்போம்.

முதல்ல பிறந்த நேரம். 7:30ன்னு எழுதியிருக்கு. யாரோ சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து ரவுண்டு பண்ணின நேரம் மாதிரிதான் எனக்குத் தெரியுது. சந்திரன் ஒரு நட்சத்திரத்தைக் கடக்க சுமார் ஒரு நாள் ஆகும். சுக்கிரனோட 20 வருஷம் அந்த ஒரு நாளுக்குள்ள அடங்கியிருக்கு. அதனால பிறந்த நேரம் ஒரு மணி நேரம் தப்பினா திசை ஒன்பது, பத்து மாசம் நகரும். கால் மணி நேரம் தப்பினா ரெண்டரை மாசம். பிறந்தது 7:45ன்னா செவ்வாய் புக்தி மே மாசமே தொடங்கிடும். ஸ்கூலுக்கும் ஜாதகத்துக்கும் சண்டையே இல்லை!

அடுத்தது அயனாம்சம். ராசிச் சக்கரம் எங்க தொடங்குதுன்னு வைக்கிற ஆஃப்செட் அது. ஜாதக மென்பொருள்ல பெரும்பாலும் லஹிரி இருக்கும். பி.வி.ராமன் முறையைத் தேர்ந்தெடுத்தா கிட்டத்தட்ட ஒன்றரை பாகை வித்தியாசம். அந்த ஒரு டிராப்-டவுனை மாத்தினா இவரோட ராகு திசை ரெண்டு வருஷத்துக்கு மேல முன்னாடி வந்து, 2025லயே முடிஞ்சு போயிருக்கும். கத்தார்ல உட்கார்ந்துக்கிட்டு அவர் அதைக் கவனிக்கவே இல்லைன்னு அர்த்தம்.

மூணாவது இடம்தான் எனக்குச் சுவாரசியம். ரெண்டாம் பக்கத்துல "2026 மார்ச் முதல் அஷ்டமச் சனி, இடமாற்றத்தில் நிதானம் தேவை"ன்னு ஒரு வரி. சிம்ம ராசிக்கு எட்டாம் ராசி மீனம், அங்க சனி வந்தா அஷ்டமச் சனி. ஆனா திருக்கணிதப்படி சனி மீனத்துக்கு வந்தது 2025 மார்ச். வாக்கியப் பஞ்சாங்கப்படிதான் 2026 மார்ச். போன வருஷம் திருநள்ளாறு விஷயத்துல வந்த குழப்பம் ஞாபகம் இருக்கா? அதே ஒரு வருஷ வித்தியாசம்தான். நம்ம ஜோதிடர் திசையை லஹிரி மென்பொருள்ல எடுத்திருக்கார், அது திருக்கணிதம். சனியை வாக்கியத்துல எடுத்திருக்கார். ஒரே பேப்பர்ல ரெண்டு காலண்டர். ரெண்டுல எதை வேணாலும் பின்பற்றலாம், கலந்தா மட்டும் தேதிகளை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட முடியாது.

ஒரு வரியை மட்டும் கணக்குல தேடாதீங்க: "தாயாரின் தனிமை மனதை வாட்டும்." அது நண்பர் அனுப்பின வாய்ஸ் நோட்ல அவரே சொன்னது. நாலாம் வீட்டுப் பேருல திரும்பி வந்திருக்கு.

நான் அவர்கிட்ட ஜோதிடருக்கு மூணு கேள்வி அனுப்பச் சொன்னேன். எந்தப் பஞ்சாங்கம்? எந்த அயனாம்சம்? பிறந்த நேரம் கால் மணி நேரம் மாறினா எந்த வாக்கியம் மாறும்? பெரியவர் கோபப்படலை. கோச்சாரம் வாக்கியம்னு ஒத்துக்கிட்டார். மூணாவது கேள்விக்கு, "தம்பி, புக்தி ஆரம்பத்துக்கு முன்ன பின்ன மூணு மாசம் வெச்சுக்கங்க"ன்னு பதில் வந்தது. அந்த "உத்தேசமா"க்கு அர்த்தம் அதுதானாம்.

மூணு மாசம் முன்னாடின்னா ஏப்ரல் கடைசி. நண்பர் இப்போ ஜாதகத்தைத் தள்ளி வெச்சுட்டு வேற கணக்குல இருக்கார். ஜூனுக்குள்ள ஊருக்கு வரணும்னா நோட்டீஸ் எப்போ கொடுக்கணும், பதினாறு வருஷத்துக்கு கிராஜுவிட்டி எவ்வளவு வரும்னு. கத்தார் சட்டப்படி வருஷத்துக்குக் குறைஞ்சது மூணு வார அடிப்படைச் சம்பளம். அப்போ 48 வாரம். அந்தப் பணத்துல எத்தனை மாசம் வேலை இல்லாம ஓட்டலாம்னு மனைவியோட உட்கார்ந்து எழுதிட்டிருக்காங்களாம். அம்மாகிட்ட இன்னும் சொல்லலை.