இரவிலும் ஏன் இந்தப் புழுக்கம்? மரக்காணம் உப்பளத்தில் இருக்கிறது விடை!

சென்னையில் இருந்து கிழக்குக் கடற்கரை சாலையில் புதுச்சேரிக்குப் போகிறவர்கள், வழியில் மரக்காணத்தைப் பார்க்காமல் போக முடியாது. சாலை ஓரத்தில் வெள்ளை வெளேர் என்று உப்புக் குவியல்கள் தெரியும். ஆந்திராவில் தொடங்கும் பக்கிங்காம் கால்வாய் வந்து முடிவதும் இந்த ஊரில்தான்.

இந்த உப்பளத்தில் பகலில் நிற்க முடியாது. வெயில் அப்படிக் கொளுத்தும். ஆனால் சூரியன் மறைந்து சில மணி நேரம் ஆனதும் நிலம் ஆறி விடும்.

சென்னையில் நெருக்கமான தெரு ஒன்றில், நள்ளிரவில் மாடி வீட்டுச் சுவரைத் தொட்டுப் பாருங்கள். சுவர் இன்னும் சுடும்! இரண்டும் ஒரே கடற்கரை. அடிப்பதும் ஒரே வெயில். பிறகு ஏன் இந்த வித்தியாசம்?

லண்டனில் கண்டுபிடித்தார்

நகரம் கிராமத்தை விடச் சூடானது என்பதை முதலில் அளந்து சொன்னவர் லூக் ஹோவர்ட். இவர் லண்டனில் மருந்துச் சரக்கு தயாரித்து விற்றவர். சுமார் 200 ஆண்டுகளுக்கு முன்பு, நகரத்திலும் வெளியிலும் வெப்பமானியை வைத்துக் கணக்கு எடுத்தார். இரவில் நகரம் சுமார் 2 டிகிரி (செண்டிகிரேடு) கூடுதல் சூடாக இருந்தது. பகலில் அந்த வித்தியாசம் இல்லை. அதாவது, நகரத்தின் சூடு பெரும்பாலும் இரவுச் சூடு.

கடல் நடுவே தீவு இருப்பது போல, குளிர்ந்த வயல்வெளி நடுவே சூடான நகரம் இருக்கிறது. அதனால் இதை "வெப்பத் தீவு" என்கிறார்கள்.

தண்ணீர் செய்யும் வேலை

உப்பளத்தில் நடப்பது என்ன? உவர்நீரைப் பாத்திகளில் கட்டுகிறார்கள். வெயில் அந்த நீரை ஆவியாக்குகிறது. நீர் போகிறது, உப்பு நிற்கிறது.

நீர் ஆவியாவதற்குச் சூடு செலவாகும். ஒரு லிட்டர் நீர் ஆவியாக, 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி 40 நிமிடம் ஓடினால் கிடைக்கும் சூடு வேண்டும். உப்பளத்தில் விழும் வெயிலில் பெரும் பங்கு இந்த வேலைக்கே போய் விடுகிறது. நிலத்தைச் சுட வைக்க மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

நகரத்தில் ஆவியாக நீர் எங்கே இருக்கிறது? மண்ணைத் தார் மூடி விட்டது. குளத்தில் வீடு வந்து விட்டது. எனவே வெயில் முழுவதும் தாரிலும் கான்கிரீட்டிலும் இறங்குகிறது. கோடையில் தார் ரோட்டின் மேல்புறம் 60 டிகிரியைத் தாண்டுவது உண்டு.

இரவில் உப்பளத்துக்கு மேலே திறந்த வானம் இருக்கிறது. நிலத்தின் சூடு தடை இல்லாமல் மேலே போகிறது. ஒடுங்கிய தெருவில் அது முடியாது. இந்தச் சுவர் விடும் சூட்டை எதிர்ச் சுவர் வாங்கிக் கொள்கிறது. போதாததற்கு, ஏ.சி. இயந்திரங்கள் வீட்டுக்குள் இருக்கும் சூட்டை இழுத்துத் தெருவில் கொட்டுகின்றன. ஏ.சி. வைத்தவர் நன்றாகத் தூங்குகிறார். அடுத்த வீட்டுக்காரர் விசிறியுடன் வாசலுக்கு வருகிறார்!

ஒன்பது இஸ்திரிப் பெட்டி

உச்சி வெயிலில், 10 அடிக்கு 10 அடி உள்ள ஒரு மொட்டை மாடியில் எவ்வளவு சூடு விழுகிறது தெரியுமா? 1,000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஒன்பதைப் போட்டு வைத்தது போல! பழைய சிமெண்டு தளம் இதில் சுமார் ஏழு பெட்டிச் சூட்டைத் தனக்குள் வாங்கிக் கொள்கிறது. அந்தத் தளம் புதிதாக வெள்ளை அடித்ததாக இருந்தால், இரண்டு மூன்று பெட்டிச் சூடுதான் உள்ளே இறங்கும். மிச்சம் வானத்துக்குத் திரும்பிப் போய் விடும்.

இது உப்பளத்துக்காரர்களுக்குப் புதிது அல்ல. பாத்தியில் வெள்ளை உப்புப் படிந்து விட்டால் நீர் வற்றுவது மெதுவாகும். வெள்ளை வெயிலைத் திருப்பி அடிப்பதே காரணம். இதற்காகவே, நீர் கருத்து அதிக வெயிலை வாங்கட்டும் என்று, சாயம் கலந்து பார்த்த நாடுகளும் உண்டு.

குஜராத்தில் ஆமதாபாத் நகரம் 2010-ம் ஆண்டு மே மாதம் கடும் வெயிலில் பலரைப் பறி கொடுத்தது. அதன் பிறகு 2013-ல் வெப்பத்தைச் சமாளிக்க அங்கு ஒரு திட்டம் வந்தது. 2017-ல் ஏழைகள் வாழும் பகுதிகளில் சுமார் 3,000 கூரைகளுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தார்கள். இப்படி அடித்த கூரைக்குக் கீழே 2 முதல் 5 டிகிரி வரை சூடு குறையும். தெலுங்கானா அரசு 2023-ல் "குளிர்ந்த கூரை"க்கு என்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

சுண்ணாம்பு அடிக்கும் முறை

மாசியிலோ பங்குனியிலோ, கோடைக்கு முன்பு அடிப்பது நல்லது. முதலில் தளத்தைப் பெருக்கிக் கழுவ வேண்டும். வெடிப்பு இருந்தால் அடைக்க வேண்டும். சுண்ணாம்பை முதல் நாளே நீரில் ஊற வைத்து, மறு நாள் துணியில் வடிகட்டிக் கொள்ளலாம். ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்க்கலாம். தளத்தை நனைத்து, மாலை நேரத்தில் இரண்டு பூச்சு அடிக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி அவசியம். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் ஆபத்து.

சிலர் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்க உப்பு சேர்ப்பார்கள். கம்பி போட்ட கான்கிரீட்டில் அது கூடாது. உப்பு உள்ளே இறங்கினால் கம்பி துருப்பிடிக்கும்.

பலன் மேல் மாடிக்கு மட்டுமே. கீழ் வீட்டுக்கு அதிகம் தெரியாது. தூசி படிந்தால் பலன் குறையும். மழை கரைத்து விடும். நடுப் பகலில் வெறுங்காலுடன் தளத்தில் நிற்க முடியவில்லை என்றால், மறு பூச்சுக்கு நேரம் வந்து விட்டது என்று அறியலாம்.

மாடியில் தோட்டம் போடலாமே என்று கேட்கலாம். போடலாம், ஆனால் எடை இருக்கிறது. தளம் முழுவதும் நான்கு அங்குல உயரம் மண் பரப்பி நீர் ஊற்றினால், 10 அடிக்கு 10 அடி இடத்தில் ஒன்றரை டன்னுக்கு மேல் பாரம் ஏறும். சாதாரண வீட்டுத் தளம், தன் எடை போக, அந்த இடத்தில் தாங்குவதற்குக் கணக்கிடப்படும் பாரம் சுமார் 1.4 டன்தான். என்ஜினீயரைக் கேட்காமல் மண் கொட்டக் கூடாது. சுவர் ஓரமாக, உத்திரத்துக்கு மேலே சில தொட்டிகள் வைப்பது வேறு விஷயம்.

தெருவுக்கு வெள்ளை ஆகாது

அப்படியானால் ரோட்டுக்கும் வெள்ளை அடித்து விடலாமா? இங்கேதான் உப்பளத் தொழிலாளர்களைக் கேட்க வேண்டும். அவர்கள் விடியும் முன்பே வேலைக்கு இறங்குகிறார்கள். வெயில் ஏறினால் மேலே இருந்து மட்டும் அல்ல, கீழே உப்பில் இருந்தும் வெயில் அடிக்கிறது. கண் கூசுகிறது. முகத்தின் அடிப்பக்கமும் காந்துகிறது.

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் சில தெருக்களுக்கு வெளிர் நிறப் பூச்சு அடித்தார்கள். 2019-ல் அதை அளந்து பார்த்தார்கள். ரோடு சுமார் 6 டிகிரி குளிர்ந்தது உண்மை. ஆனால் நடுப் பகலில் அதில் நடந்து போகிறவர் மேல் விழுந்த வெப்பம் அதிகமாகி இருந்தது! கூரையில் இருந்து திரும்பும் வெயில் வானத்துக்குப் போகிறது. ரோட்டில் இருந்து திரும்பும் வெயில் ஆளின் மேல் விழுகிறது.

தெருவுக்கு வேண்டியது மரம். மரம் வெயிலை மேலேயே தடுக்கிறது. வேர் இழுத்த நீரை இலை வழியாக ஆவியாக்குகிறது. உப்பளப் பாத்தி செய்கிற அதே வேலையை, தலைக்கு மேலே நின்று செய்கிறது.

உப்புக் காற்று அடிக்கும் கடற்கரை ஊர்களுக்குப் புன்னையும் பூவரசும் ஏற்றவை. உள்ளே தள்ளி வேம்பும் புங்கனும் நன்றாக வரும். 2016-ம் ஆண்டு டிசம்பரில் வந்த வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. அடிமரம் வரை சிமெண்டு பூசினால் வேருக்கு நீரும் இல்லை, காற்றும் இல்லை. வேர் ஆழமாகப் போகாது. மரத்தைச் சுற்றி நான்கு அடிக்கு நான்கு அடி மண்ணாவது திறந்து கிடக்க வேண்டும். மழை பெய்தால் அந்த மண்ணில் நீர் தேங்காமல் உள்ளே இறங்குகிறதா என்று பார்த்துக் கொள்ள வேண்டும். இறங்கவில்லை என்றால், கெட்டியான மேல் மண்ணைக் கொத்தி விட்டால் போதும்.